118 விழுக்காடு ஆஸ்பிரின்: தவறிப்போன சோதனையை விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு யுகாஸ் வழியாக விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஒரு தன்விளக்கக் கட்டுரை எழுத வேண்டும். 2026-இல் படிப்பைத் தொடங்குவோர் முதல் அதன் வடிவம் மாறியிருக்கிறது. ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வருகின்றன. இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள் என்பது முதலாவது. இதுவரை படித்தவை உங்களை எப்படித் தயார்படுத்தின என்பது இரண்டாவது. வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்பட்டது என்பது மூன்றாவது. மூன்று பதில்களுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணி, 4,000 எழுத்துகள்தான் இடம். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும்.

நான் ஏ-லெவல் மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். வேதியியல், உயிரியல், மருந்தியல் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இரண்டாவது கேள்விக்கு எழுதும் பதில்களில் பெரும்பாலும் ஓர் ஆய்வுக்கூடச் சோதனை இடம்பெறும். அதுவும் தவறிப்போன சோதனையாக இருக்கும். இப்படித் தொடங்குவதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பல பதில்களில் சோதனை ஒரே வரியில் முடிந்துவிடும். அடுத்து வரும் ஐந்து வரிகள் பொறுமை, விடாமுயற்சி, தோல்வியே வெற்றிக்குப் படி என்று போகும். எந்த வேதிப்பொருள் எப்படித் தவறியது, அது தவறு என்று எப்படித் தெரிந்தது என்பது கடைசிவரை வராது.

மருந்தியல் படிக்க விரும்பிய என் மாணவி ஒருவரின் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. அவர் செய்த சோதனை கல்லூரிகளில் எல்லாரும் செய்யும் ஆஸ்பிரின் தயாரிப்பு. அவருக்குக் கிடைத்த விளைச்சல் 118 விழுக்காடு. அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு தவறிய சோதனையில் எழுதத்தக்கது எது என்பது அதில் தெரியும்.

சோதனை எப்படி நடந்தது?

ஆஸ்பிரின் செய்ய சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் வேண்டும். சாலிசிலிக் அமிலம் வெள்ளைத் தூள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு கண்ணையும் மூக்கையும் எரிக்கும் திரவம் என்பதால் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் ஊற்றுவோம். மாணவி 2.00 கிராம் சாலிசிலிக் அமிலத்தை எடுத்து, 5 மில்லிலிட்டர் அன்ஹைட்ரைடு ஊற்றி, வினையூக்கியாக ஐந்து சொட்டு அடர் கந்தக அமிலம் சேர்த்தார். குடுவையைச் சுமார் 75 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கால் மணி நேரம் வைத்தார். பிறகு நீர் சேர்த்து, மிஞ்சிய அன்ஹைட்ரைடை அசிட்டிக் அமிலமாக மாற்றினார். குடுவையைப் பனிக்கட்டியில் வைத்ததும் வெள்ளைப் படிகங்கள் இறங்கின.

அடுத்து, படிகங்களை புக்னர் புனலில் கொட்டி, உறிஞ்சு பம்பின் உதவியால் வடிகட்ட வேண்டும். அன்று பம்புகள் குறைவு. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று நிமிடத்தில் புனலை எடுத்துவிட்டார். படிகங்களைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் மேசைமீது வைத்து, பிறகு எடை பார்த்தார். தராசு 3.08 கிராம் காட்டியது.

கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு? சாலிசிலிக் அமிலத்தின் மோலார் நிறை 138.1. எனவே 2.00 கிராம் என்பது 0.0145 மோல். ஒரு மோல் சாலிசிலிக் அமிலம் முழுதாக வினைபுரிந்தால் ஒரு மோல் ஆஸ்பிரின் வரும். ஆஸ்பிரினின் மோலார் நிறை 180.2. பெருக்கினால் 2.61 கிராம். அன்ஹைட்ரைடு தேவையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்ததால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த 2.61-ஐத் தாண்ட முடியாது. மாணவியிடம் இருந்ததோ 3.08 கிராம். அதாவது 118 விழுக்காடு.

அவர் முகம் வாடிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த தோழிக்கு 2.40 கிராம், அதாவது 92 விழுக்காடு கிடைத்திருந்தது. தோழி மேசையில் உலர்த்திக்கொண்டிருக்கவில்லை. ஈரப் படிகங்களை 110 டிகிரி ஓவனில் வைத்து எடுத்திருந்தார். வகுப்பில் எல்லாரும் அந்த 92-ஐத்தான் பாராட்டினார்கள்.

“சார், நான் அவளுடைய எண்ணை எடுத்து எழுதட்டுமா? ரெண்டு பேரும் ஒரே சோதனைதானே செய்தோம்?” என்று மாணவி கேட்டார்.

“உன் பொருள் வேறு, அவள் பொருள் வேறு மா. முதலில் உன் தட்டில் இருப்பது என்னவென்று கண்டுபிடி. எதை எழுதுவது என்பதைப் பிறகு பேசலாம்,” என்றேன்.

கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?

நூறு விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் வந்தால் தட்டில் ஆஸ்பிரின் அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உறுதி. வடிகட்டிய படிகங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீர். நுண்ணிய ஊசிப் படிகங்கள் ஒன்றோடொன்று அடர்ந்து, இடையில் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேற்பரப்பு உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு, ஒரு மணி நேரம் மேசையில் வைத்தது போதாது.

நீர்தான் காரணம் என்று ஊகிப்பது எளிது. அதைக் காட்ட வேண்டுமே! அதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. உலர்த்து, எடை பார், மீண்டும் உலர்த்து, மீண்டும் எடை பார்; எடை மாறாமல் நிற்கும்வரை தொடர வேண்டும். மாணவி படிகங்களை சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்துக் கலனில் வைத்தார். காலணிப் பெட்டிகளில் சிறு பொட்டலமாக வருகிறதே, அதே சிலிக்கா ஜெல்தான். அது சூடில்லாமல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் எடை 2.47 கிராம். அதற்கடுத்த நாள் 2.30. மூன்றாம் நாள் 2.29. இனி மாறாது என்று தெரிந்தது. ஆக, முதல் நாள் தட்டில் இருந்த 3.08 கிராமில் 0.79 கிராம், அதாவது கால் பங்குக்கும் மேல், ஆவியாகிப் போன ஈரம். விளைச்சல் இப்போது 88 விழுக்காடு. தோழியின் 92-க்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

மாணவியின் முதல் வரைவு இந்த இடத்தில் முடிந்துவிட்டது. ‘சரியாக உலர்த்தாததால் பிழை ஏற்பட்டது. பொறுமை முக்கியம் என்று கற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டேன்: “2.29 கிராம் இருக்கிறது, சரி. அது 2.29 கிராம் ஆஸ்பிரின் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

தராசுக்குத் தெரியாதது

தராசு எடையை மட்டுமே சொல்லும். தட்டில் இருப்பது எந்தப் பொருள் என்று அதற்குத் தெரியாது. வினைபுரியாமல் தங்கிவிட்ட சாலிசிலிக் அமிலமும் வெள்ளைப் படிகம்தான். ஆஸ்பிரினோடு கலந்து கிடந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, உருகுநிலை. தூய ஆஸ்பிரின் சுமார் 135 டிகிரியில், ஒன்றிரண்டு டிகிரி இடைவெளிக்குள் உருகி முடிந்துவிடும். வேறொரு பொருள் கலந்திருந்தால் முன்னதாகவே உருகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போகும். மாணவியின் உலர்ந்த படிகங்கள் 126 டிகிரியில் கசியத் தொடங்கி 131-இல்தான் முழுதாக உருகின. தொடங்கிய வெப்பநிலை தாழ்ந்திருக்கிறது, இடைவெளியும் ஐந்து டிகிரிக்கு விரிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அது கலப்படத்தின் அடையாளம்.

இதில் ஒரு கவனம் தேவை. ஆஸ்பிரின் சூட்டில் மெல்லச் சிதையும் பொருள். மிக மெதுவாகச் சூடேற்றினால் உருகுவதற்கு முன்பே கொஞ்சம் சிதைந்து, தூய பொருளும் குறைந்த எண்ணைக் காட்டிவிடும். அதனால் கடையில் வாங்கிய தூய ஆஸ்பிரினையும் அதே கருவியில், அதே வேகத்தில் சூடேற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாணவி அப்படிச் செய்தார். தூய ஆஸ்பிரின் 134-இல் தொடங்கி 135-இல் முடிந்தது. கருவியில் குறை இல்லை, பொருளில்தான்.

இரண்டாவது வழி, பெர்ரிக் குளோரைடு சோதனை. சாலிசிலிக் அமிலத்தில் பென்சீன் வளையத்தோடு நேராக இணைந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அது பெர்ரிக் குளோரைடோடு சேர்ந்தால் ஊதா நிறம் வரும். ஆஸ்பிரினாக மாறும்போது அந்தத் தொகுதி அசிட்டைல் தொகுதியால் மூடப்பட்டுவிடும். ஆகவே தூய ஆஸ்பிரினில் ஊதா வராது. கரைசல் மஞ்சளாகவே நிற்கும்.

மாணவி நான்கு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலிட்டர் எத்தனால். முதல் குழாயில் சாலிசிலிக் அமிலம், இரண்டாவதில் தூய ஆஸ்பிரின், மூன்றாவதில் தன் படிகங்கள். மூன்றும் சம எடை. நான்காவதில் எத்தனால் மட்டும். பெர்ரிக் குளோரைடை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டார். முதல் குழாய் கறுத்த ஊதா ஆனது. இரண்டாவதும் நான்காவதும் மஞ்சள். அவருடைய குழாய் வெளிர் ஊதா. பொருளில் சாலிசிலிக் அமிலம் இருந்தது.

எல்லாரும் பாராட்டிய 92

குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி, தன் படிகங்களையும் அதே அளவு எடுத்து ஐந்தாவது குழாயில் போட்டார். வந்த ஊதா, மாணவியின் குழாயைவிடத் தெளிவாகவே அடர்த்தியாக இருந்தது.

எண் நன்றாக இருந்தது. பொருள்தான் மோசமாக இருந்தது. காரணம் ஓவன். ஆஸ்பிரினில் உள்ள எஸ்டர் பிணைப்பை நீர் உடைக்கும். சூடும் அமிலமும் சேர்ந்தால் இன்னும் விரைவாக உடையும். தோழி ஓவனில் வைத்த படிகங்களில் ஈரம் இருந்தது. சரியாகக் கழுவப்படாத கந்தக அமிலத்தின் தடயமும் இருந்திருக்கலாம். 110 டிகிரி சூடும் இருந்தது. ஆஸ்பிரினில் ஒரு பகுதி மீண்டும் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும் சூழல் அது. பிரிந்த அசிட்டிக் அமிலம் காற்றில் போய்விடும். சாலிசிலிக் அமிலம் தட்டிலேயே தங்கிவிடும். வீட்டில் நாள்பட்ட ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாசம் வருவதும் இதே வினையால்தான். அதற்குக் காற்றின் ஈரமே போதும்.

தோழி உடனே, “ஓவனைத் திறந்தப்ப வினிகர் வாசம் வந்துச்சு சார்,” என்றார். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். ஆஸ்பிரின் உருவாகும் வினையிலேயே அசிட்டிக் அமிலம் துணைப்பொருளாக வருகிறது. மிஞ்சிய அன்ஹைட்ரைடில் நீர் சேர்த்தபோதும் வந்தது. சரியாகக் கழுவாத படிகங்களிலிருந்து அந்த வாசம் எப்படியும் வரும்.

ஊதா நிறத்துக்கும் அதே சிக்கல் இருக்கிறது. அது சாலிசிலிக் அமிலம் இருப்பதைக் காட்டுமே தவிர, அது தொடக்கத்திலிருந்தே மிஞ்சியதா, ஓவனில் புதிதாக உண்டானதா என்று சொல்லாது. இதைப் பிரித்தறிய ஒரே பொருளை ஓவனுக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். தோழியிடம் ‘முன்’ இல்லை. மாணவியிடம் இருந்தது. தன் படிகங்களில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சொட்டு நீரில் நனைத்து, ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தார். உலர்த்துக் கலனில் இருந்ததையும் ஓவனில் இருந்ததையும் அருகருகே சோதித்தார். ஓவனில் இருந்தது அடர்ந்த ஊதா. ஒரே தொகுதிப் படிகங்கள், ஒரே எடை, ஒரே சொட்டுகள். மாறியது ஈரச்சூடு மட்டுமே. இனி ஓவனைக் குற்றம் சொல்லலாம்.

இந்தச் சோதனையில் எழுதத்தக்க செய்தி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 118 என்பது தன் தவறைத் தானே சொல்லிவிடும் எண். யாரும் அதை நம்பமாட்டார்கள்; காரணம் தேடுவார்கள். 92 என்பது தவறை மறைக்கும் எண். எதிர்பார்த்த இடத்தில் வந்து உட்கார்ந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. மாணவியின் 118 இல்லாவிட்டால் தோழியின் 92 அப்படியே அறிக்கையில் ஏறியிருக்கும்.

குறைந்த எடை, நல்ல பொருள்

மாணவி தன் படிகங்களை மறுபடிகமாக்கினார். கொதிநீரில் கரைத்தால் மீண்டும் நீராற்பகுப்பு நடக்கும் என்பதால் எத்தனாலைப் பயன்படுத்தினார். படிகங்களைச் சுமார் 6 மில்லிலிட்டர் எத்தனாலில் இளஞ்சூட்டில் கரைத்து, 15 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர் சேர்த்து, மெதுவாக ஆறவிட்டார். எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே நேரடிச் சுடர் கூடாது, வெந்நீர்த் தொட்டிதான். மெதுவாக ஆறும்போது ஆஸ்பிரின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும். கொஞ்சமாக இருக்கும் சாலிசிலிக் அமிலத்தின் பெரும்பகுதி கரைசலிலேயே நின்றுவிடும்.

இந்த முறை பம்பில் பத்து நிமிடம் வைத்தார். குளிர்ந்த நீரால் இருமுறை கழுவி, உலர்த்துக் கலனில் எடை நிற்கும்வரை வைத்தார். இறுதி எடை 1.70 கிராம். விளைச்சல் 65 விழுக்காடு. சோதனைகளுக்கு எடுத்த சிட்டிகைகள் கொஞ்சம் போயின. மற்றது கரைசலோடு போன ஆஸ்பிரின். உருகுநிலை 134 முதல் 135 டிகிரி. பெர்ரிக் குளோரைடு குழாய் மஞ்சளாகவே நின்றது.

118, 88, 65 என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. பொருள் மேம்பட்டுக்கொண்டே வந்தது. விளைச்சலும் தூய்மையும் வெவ்வேறு கேள்விகள் என்பதைப் பாடநூலில் ஒரு வரியில் படித்துவிடலாம். தன் கையால் செய்த 1.38 கிராமை இழந்தபோதுதான் அது அவருக்குப் புரிந்தது.

எழுதியது எப்படி மாறியது?

முதல் வரைவில் அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்: “கல்லூரியில் ஆஸ்பிரின் தயாரித்தபோது என் சோதனை தோல்வியடைந்தது. மனம் தளர்ந்தாலும் நான் விடவில்லை. திரும்பச் செய்து வெற்றி பெற்றேன். அறிவியலில் பொறுமையும் விடாமுயற்சியும் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த அனுபவம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.” இதில் ‘ஆஸ்பிரின்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கேக்’ என்று போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும்.

அவர் பிறகு எழுதியது இது: “நான் தயாரித்த ஆஸ்பிரினின் விளைச்சல் 118 விழுக்காடாக வந்தது. எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தியதில் அதில் கால் பங்குக்கும் மேல் ஈரம் என்று தெரிந்தது. உலர்ந்த பின்னும் உருகுநிலை 126 முதல் 131 டிகிரியாக இருந்தது. பெர்ரிக் குளோரைடு ஊதா நிறம் காட்டியது. ஆகவே சாலிசிலிக் அமிலம் கலந்திருந்தது. ஓவனில் உலர்த்திய ஒரு தோழியின் பொருள் 92 விழுக்காடு விளைச்சல் காட்டினாலும் இன்னும் அடர்ந்த ஊதா கொடுத்தது. என் படிகங்களில் ஒரு பகுதியை நனைத்து ஓவனில் வைத்துப் பார்த்தபோது, ஈரமும் சூடும் ஆஸ்பிரினைச் சிதைப்பதைக் கண்டேன். மறுபடிகமாக்கிய பிறகு 65 விழுக்காடுதான் மிஞ்சியது. ஆனால் ஊதா வரவில்லை. நம்பும்படியான எண்ணையும் சோதிக்க வேண்டும் என்று இதில் கற்றேன். மருந்துகள் ஈரமான நாடுகளில் எப்படி நிலைத்திருக்கின்றன என்பதைப் படிக்கும் ஆர்வமும் இங்கிருந்துதான் வந்தது.”

இரண்டாவது பத்தியில் ‘பொறுமை’ என்ற சொல் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து எடை பார்த்தவருக்குப் பொறுமை இருக்கிறதா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். கடைசி வரி மருந்தியலுக்குப் போகிறது. அதுவும் ஒட்டவைத்த வரியாக இல்லாமல் சோதனையிலிருந்தே வருகிறது. கருவிகளின் பெயரோ, எத்தனை மில்லிலிட்டர் ஊற்றினார் என்பதோ இல்லை. 4,000 எழுத்துகளில் அவற்றுக்கு இடம் கிடையாது. முடிவுக்குச் சான்றாக நிற்கும் எண்கள் மட்டும் இருக்கின்றன.

அவர் ஒரு வரியை நீக்கவும் வேண்டியிருந்தது. ‘என் பொருள் முற்றிலும் தூய்மையானது என்று நிரூபித்தேன்’ என்று எழுதியிருந்தார். கண்ணுக்கு ஊதா தெரியவில்லை என்பதால் சாலிசிலிக் அமிலம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இருக்கலாம். ‘ஊதா வரவில்லை’ என்பதே அவரால் சொல்லக்கூடிய உண்மை.

நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடியவை

சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. எழுதிய சோதனையிலிருந்தே அங்கு கேள்வி வரலாம். மாணவியோடு நான் பயிற்சி செய்த கேள்விகளில் இரண்டைச் சொல்கிறேன்.

‘உன் பொருளில் எத்தனை விழுக்காடு சாலிசிலிக் அமிலம் இருந்தது?’ கண்ணால் பார்த்த நிறத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அளவு தெரிந்த சாலிசிலிக் அமிலக் கரைசல்கள் ஐந்தாறு தயாரித்து, ஒவ்வொன்றிலும் பெர்ரிக் குளோரைடு சேர்த்து, நிறமானியில் ஒளி உறிஞ்சலை அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். பிறகு தன் மாதிரியின் அளவை அந்த வரைபடத்தில் படிக்கலாம். ‘அதை நான் செய்யவில்லை, செய்ய வேண்டுமென்றால் இப்படிச் செய்வேன்’ என்பது முழுமையான பதில்.

‘சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் தெரிந்துவிடாதா?’ இது கொஞ்சம் வழுக்கும் கேள்வி. ஆஸ்பிரினிலும் சாலிசிலிக் அமிலத்திலும் ஆளுக்கு ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி இருக்கிறது. சாதாரணத் தரம்பார்த்தலில் இரண்டும் அமிலமாகவே வினைபுரியும். மோலார் நிறை வேறு என்பதால் சிறு வேறுபாடு வரும். ஆனால் கலப்படம் கொஞ்சமாக இருந்தால் அது பியூரெட்டின் பிழை அளவுக்குள் மறைந்துவிடும். தராசைப் போலவே பியூரெட்டும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாத கருவி.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை இப்போதே இருக்கிறது. சோதனை தவறும் நாளில் குறிப்பேட்டில் நான்கு விவரங்களைத் தேதியோடு எழுதிவையுங்கள்: என்ன எண் எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, காரணம் என்று எதைச் சந்தேகித்தீர்கள், அந்தச் சந்தேகத்தை எந்தச் சோதனையால் சரிபார்த்தீர்கள். மாதிரியில் ஒரு சிட்டிகையைப் பெயர் ஒட்டிய குப்பியில் தனியே எடுத்துவையுங்கள். தோழியிடம் இல்லாமல்போன ‘முன்’ அந்தச் சிட்டிகைதான்.